டிஎன்டி போட்ட பிறகும் விளம்பர மெசேஜ் வருகிறதா? கடைசி எழுத்தைப் பாருங்கள்

சின்ன ஊரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் டிஎன்டி, அதாவது விளம்பரங்களுக்கான தடை, போட்டுக்கொண்டு போனவர், இந்த மாதம் ரீசார்ஜுக்கு வரும்போது போனை மேசையில் வைத்து, "தம்பி, நீ போட்டது வேலை செய்யல பாரு" என்பார். வாங்கிப் பார்த்தால் அநேகமாக டிஎன்டி ஒழுங்காகத்தான் இருக்கும். வந்திருக்கிற மெசேஜ் டிஎன்டி தடுக்கிற வகையாக இருக்காது, அல்லது அவரே எங்கேயோ அனுமதி கொடுத்திருப்பார். உண்மையிலேயே விதியை மீறி வந்த மெசேஜும் இருக்கும், ஆனால் அதற்குப் புகார் போயிருக்காது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்த மாதிரி மெசேஜ் வருகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

## எதற்கும் முன்னால்: அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்து

மெசேஜைத் திறந்து மேலே இருக்கும் பெயரைப் பாருங்கள். `VM-ABCDEF-P` என்கிற மாதிரி இருக்கும். நடுவில் இருக்கும் எழுத்துகள் அனுப்பிய நிறுவனம் பதிவு செய்துகொண்ட பெயர். இதைத்தான் ஹெடர் என்கிறார்கள். நமக்கு முக்கியம் கடைசியில் கோடு போட்டு நிற்கும் ஒற்றை எழுத்து. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தியபோது இதைக் கட்டாயமாக்கியது.

`P` என்றால் விளம்பரம். `S` என்றால் சேவை: நீங்கள் ஏற்கெனவே வாடிக்கையாளராக இருக்கும் இடத்திலிருந்து வரும் தவணை நினைவூட்டல், பார்சல் கிளம்பிவிட்டது என்கிற தகவல் போன்றவை. `T` என்றால் பரிவர்த்தனை, அதாவது ஓடிபி, பணம் எடுத்த செய்தி வகையறா. `G` அரசு அனுப்புவது.

டிஎன்டி தடுப்பது `P` வகையை மட்டும்தான். மற்ற மூன்றும் நீங்கள் எதைப் போட்டாலும் வரும், வரவும் வேண்டும். "எல்லாத்தையும் தடுத்துட்டா பேங்க் ஓடிபி நின்னுடுமே" என்று பயந்து பாதி வகைகளை மட்டும் தடுத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் வேண்டாம், ஓடிபி நிற்காது.

மேலே பெயரே இல்லாமல் வெறும் 10 இலக்க எண் இருந்தால் அது வேறு கதை. அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

## எல்லா விதமான விளம்பரமும் முன்பு போலவே வருகிறது

இப்படி இருந்தால் முதல் சந்தேகம், பதிவே ஆகவில்லை என்பதுதான்.

டிஎன்டி பதிவதற்கான எண் 1909. அதற்கு நீங்கள் அனுப்பிய மெசேஜைத் திறந்து பாருங்கள். முழுவதும் தடுக்க அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்:

```
START 0
```

கடைசியில் இருப்பது பூஜ்யம். அந்த இடத்தில் ஆங்கில எழுத்து `O` போட்டு அனுப்பியவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பதிவாகாது. அடுத்து, பதில் வந்ததா என்று பாருங்கள். சரியாகப் பதிவானால் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாக ஒரு மெசேஜ் வரும். பதில் வரவில்லையென்றால் அதே 1909-க்குப் போன் செய்து குரல் வழியாகப் பதிவு செய்யலாம், காசு பிடிக்காது. உங்கள் சிம் நிறுவனத்தின் ஆப்பிலும் டிஎன்டி பக்கம் இருக்கும். இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க அதுதான் எளிது.

பதில் வந்திருக்கிறது, ஆனாலும் வருகிறது என்றால் தேதியைக் கணக்குப் பாருங்கள். அமலுக்கு வர ஏழு நாள் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளே கடைக்கு வந்து சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

ஏழு நாளும் தாண்டிவிட்டது என்றால் எந்த சிம்மிலிருந்து அனுப்பினீர்கள் என்று பாருங்கள். இரண்டு சிம் போனில் மெசேஜ் பெரும்பாலும் முதல் சிம்மிலிருந்துதான் போகும். விளம்பரம் குவிவது இரண்டாவது எண்ணில். டிஎன்டி என்பது போனுக்குப் போடுவது இல்லை, எண்ணுக்குப் போடுவது. இரண்டு எண்ணிலிருந்தும் தனித்தனியாக அனுப்புங்கள். நெட்வொர்க் மாற்றிக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தாலும், புதிய நிறுவனத்தின் ஆப்பில் நிலையை ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

சில வகை நின்றுவிட்டது, சில வகை மட்டும் வருகிறது என்றால் யாரோ உங்களுக்குப் பகுதித் தடை போட்டிருக்கிறார்கள். விளம்பரங்களுக்கு எண் வைத்து வகை பிரித்திருக்கிறார்கள்: 1 வங்கி, காப்பீடு, கடன் அட்டை, 2 வீடு, மனை, 3 கல்வி, 4 மருத்துவம், 5 நுகர்பொருள், வாகனம், 6 தகவல் தொடர்பு, பொழுதுபோக்கு, கணினி, 7 சுற்றுலா, 8 உணவு. பூஜ்யம் என்றால் எல்லாமே. கடன் விளம்பரம் நின்று மனை விளம்பரம் மட்டும் வருகிறதென்றால் 1 தடுக்கப்பட்டிருக்கிறது, 2 தடுக்கப்படவில்லை என்று அர்த்தம். `START 0` மறுபடி அனுப்பினால் போதும்.

## ஒன்றிரண்டு கடைகளிலிருந்து மட்டும் வருகிறது, கடைசியில் `P`

டிஎன்டி வேலை செய்கிறது. இந்தக் கடை மட்டும் எப்படித் தாண்டி வருகிறது?

பெரும்பாலும் நீங்கள் அனுமதி கொடுத்ததாக அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கும். டிஎன்டியைத் தாண்டக்கூடிய ஒரே சாவி அதுதான். வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இருந்தால் விளம்பரம் அனுப்பலாம் என்று விதியே சொல்கிறது. ஜவுளிக்கடையில் 'உறுப்பினர் அட்டை' என்று ஒரு படிவம் நிரப்பினோமே, ஆப்பில் பதிவு செய்யும்போது ஏற்கெனவே டிக் போட்டிருந்த கட்டத்தை அப்படியே விட்டோமே, அதெல்லாம் இப்போது வந்து நிற்கும். ஆனால் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டது மட்டும் விளம்பரத்துக்கான சம்மதம் ஆகாது. பில் போட எண் கொடுத்தோம், அதோடு முடிந்தது. இந்த வித்தியாசம் பின்னால் புகாரில் உதவும்.

செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். `P` வகை மெசேஜில் இனி வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி வரியில் ஒரு சொல்லும் எண்ணும், அல்லது ஒரு இணைப்பு இருக்கும். அதன்படி அனுப்பிவிட்டு, அனுப்பிய தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி விலகிய பிறகு 90 நாளுக்கு அந்த நிறுவனம் உங்களிடம் மறுபடி சம்மதம் கேட்டு வரக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. இது `P` என்று முடியும் பெயர்களுக்கு மட்டும். 10 இலக்க எண்ணிலிருந்து வரும் மெசேஜில் 'வேண்டாமென்றால் இங்கே தட்டவும்' என்று இருந்தால் தட்டவே தட்டாதீர்கள். இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்கு நீங்களே சொல்லிக்கொடுப்பதுதான் அது.

இன்னொரு வாசலும் இப்போது திறக்கிறது. சம்மதத்தை நிறுவனங்கள் தங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளாமல், பொதுவான டிஜிட்டல் முறையில் பதிய வேண்டும் என்று டிராய் கொண்டுவருகிறது. அதற்கான மெசேஜ் 127 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வரும். வந்தால் விளம்பரம் என்று அழித்துவிடாமல் படியுங்கள். எங்கே என்ன சம்மதம் இருக்கிறது, அதை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று கேட்கிற இடம் அது.

மெசேஜில் விலகும் வழியே இல்லை, அல்லது விலகிய பிறகும் வருகிறது என்றால் 1909-க்குப் புகார்தான், அதன் வடிவம் அடுத்த தலைப்பில் இருக்கிறது. அனுப்பியது எந்த நிறுவனம் என்றே தெரியவில்லையா? டிராயின் `smsheader.trai.gov.in` தளத்தில் ஹெடரின் நடு எழுத்துகளைப் போட்டுத் தேடினால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். கடையின் பெயர்ப் பலகையில் ஒன்றும் இங்கே வேறொன்றும் இருக்கும், ஆச்சரியப்பட வேண்டாம்.

## கடைசியில் `S` அல்லது `T`, ஆனால் உள்ளே முழுக்க விளம்பரம்

எனக்கு எரிச்சல் வருவது இந்த ரகத்தில்தான். தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று இதற்குச் சொல்ல முடியாது. டிஎன்டி தடுக்காத வகையின் பெயரில் விளம்பரத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். சேவைச் செய்தியோடு விளம்பரத்தைக் கலந்தால் மொத்தச் செய்தியும் விளம்பரம் என்றே கணக்கு. ஆனால் புகார் கொடுத்தால் முதல் சுற்றில் பெரும்பாலும் தள்ளுபடிதான். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவி ஒரு நகைக்கடையில் மாதச் சீட்டு கட்டுகிறார். எண் சாருடையது. 2025 ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்கு ஐந்து நாள் முன்னால், அந்தக் கடையிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பெயர் `S` என்று முடிந்தது. முதல் வரி, "தங்கள் சீட்டுத் தவணை 5-ஆம் தேதிக்குள் செலுத்தவும்." அடுத்த மூன்று வரியும் ஆடிப்பெருக்குக்குச் செய்கூலியில் தள்ளுபடி, காலை ஆறு மணிக்கே கடை திறப்பு, குலுக்கலில் வெள்ளிக்காசு. சார் போனை என்னிடம் நீட்டி, "தவணை மூக்கு மாதிரி இருக்கு, மீதி யானையா நிக்குது" என்றார்.

அன்றே 1909-க்குப் புகார் அனுப்பினோம். வடிவம் இதுதான்: மெசேஜின் சாரம், அனுப்பியவர், தேதி. இடையில் காற்புள்ளி. அனுப்பியவர் பெயரைக் கோடுகளோடு, கடைசி எழுத்தையும் சேர்த்து அப்படியே அடிக்க வேண்டும்.

```
Offer on gold making charges, VM-ABCDEF-S, 29/07/25
```

சாரத்தை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக அடித்ததற்குக் காரணம் இருக்கிறது. முதலில் தமிழ் மெசேஜை முழுக்க நகலெடுத்து ஒட்டி அனுப்பினோம். தமிழ் எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் இடம், அதற்கு மேல் போனால் துண்டு துண்டாகப் போகும். பெயரும் தேதியும் கடைசித் துண்டில் மாட்டிக்கொண்டன. 'விவரம் போதாது' என்று பதில் வந்தது. சுருக்கி அனுப்பியதும் புகார் எண் வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது: இது வாடிக்கையாளருக்கான சேவைச் செய்தி, புகார் ஏற்கப்படவில்லை. சார் அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். வாத்தியார் ஆயிற்றே, விடைத்தாளில் மதிப்பெண் குறைந்தால் விடுவாரா? சிம் நிறுவனத்தின் புகார் எண்ணான 198-க்குப் போட்டு, 1909 புகாரைத் தவறாக முடித்துவிட்டார்கள் என்று தனியாக ஒரு புகார் பதிந்தோம். அதற்கும் திருப்தியான பதில் இல்லை. பிறகு மேல்முறையீடு. அதில் சார் எழுதியது நாலே வரி. தவணை நினைவூட்டலை நான் எதிர்க்கவில்லை, அது சேவைதான். செய்கூலி தள்ளுபடிக்கும் வெள்ளிக்காசுக்கும் நான் சம்மதம் கொடுத்ததாகச் சொன்னால், எந்தத் தேதியில் எந்த வழியில் கொடுத்தேன் என்று காட்டுங்கள். கூடவே மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், தடை போட்டதற்கு வந்த பதில், இரண்டு புகார் எண்கள்.

சம்மதத்தை யாராலும் காட்ட முடியவில்லை. அந்த மெசேஜ் விளம்பர வகையாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, அனுப்பிய கடை மேல் நடவடிக்கை எடுத்ததாகப் பதில் வந்தது. அதற்கடுத்த மாதம் தவணை மெசேஜ் வந்தபோது ஒரே வரிதான் இருந்தது.

இந்த ரகத்தில் புகார் எழுதும்போது 'எனக்கு இந்தக் கடையே வேண்டாம்' என்று எழுதாதீர்கள். நீங்கள் அங்கே வாடிக்கையாளர் என்று காட்டி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எந்த வரி விளம்பரம் என்று சுட்டி, அந்த வரிக்கு மட்டும் சம்மதம் கேளுங்கள்.

## 10 இலக்க எண்ணிலிருந்து விளம்பரம்

'பைபாஸ் ஓரம் மனை, பத்திரச் செலவு இலவசம்', 'உடனடிக் கடன், ஆவணம் தேவையில்லை'. சாதாரண சிம்மிலிருந்து வருகிறவை. சாதாரண 10 இலக்க எண்ணை வியாபார விளம்பரத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. விளம்பர அழைப்பு என்றால் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். ஆக இங்கே சம்மதம் இருந்ததா என்கிற விவாதமே கிடையாது.

நல்ல விஷயம், இதில் புகார் கொடுக்க நீங்கள் டிஎன்டி போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2025 திருத்தத்துக்குப் பிறகு பதிவு செய்யாதவரும் புகார் கொடுக்கலாம்.

புகார் வடிவம் மேலே சொன்னதேதான், அனுப்பியவர் இடத்தில் 10 இலக்க எண். வந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும். முன்பு மூன்று நாளாக இருந்தது, பல பக்கங்களில் இன்னமும் அந்தப் பழைய கணக்கே கிடக்கிறது. மெசேஜ் வந்த சிம்மிலிருந்தே அனுப்புங்கள். இரண்டாவது சிம்மில் வந்த விளம்பரத்துக்கு முதல் சிம்மிலிருந்து புகார் கொடுத்து, அது தள்ளுபடியான கதையை நான் கடையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எஸ்எம்எஸ் அடிக்கச் சிரமமாக இருந்தால் டிராயின் `TRAI DND 3.0` ஆப்பில் மெசேஜைத் தேர்ந்தெடுத்தே புகார் அனுப்பலாம்.

இதில் ஒரு புகாரைவிட ஐந்து புகாருக்குப் பலம் அதிகம். ஒரு எண்ணின் மேல் 10 நாளுக்குள் ஐந்து வெவ்வேறு பேர் புகார் கொடுத்தால் அந்த எண்ணின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். முன்பு இது ஏழு நாளில் பத்துப் புகாராக இருந்தது. நடவடிக்கைக்கான காலமும் 30 நாளிலிருந்து ஐந்து நாளாகக் குறைந்துவிட்டது. முதல் தடவை 15 நாளுக்கு அந்த எண்ணிலிருந்து வெளியே பேசவோ அனுப்பவோ முடியாது. மறுபடி செய்தால் அவர் பெயரில் உள்ள இணைப்புகள் ஒரு வருடத்துக்குத் துண்டிக்கப்படும். மனை விளம்பரம் உங்களுக்கு வந்திருந்தால் தெருவில் இன்னும் நாலு பேருக்குக் கட்டாயம் வந்திருக்கும். தெரு வாட்ஸ்அப் குழுவில் "இது உங்களுக்கும் வந்ததா?" என்று கேட்டு, வந்தவர்களை எல்லாம் அவரவர் போனிலிருந்து புகார் அனுப்பச் சொல்லுங்கள். ஒருவரே ஐந்து தடவை அனுப்பினால் கணக்கில் சேராது.

அடுத்த வாரமே அதே விளம்பரம் வேறு எண்ணிலிருந்து வந்தால் அது சகஜம். புது எண்ணுக்குப் புதுப் புகார். மெசேஜுக்குள் 'தொடர்புக்கு' என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள், அது பெரும்பாலும் மாறாது. புகாரின் சாரத்தில் அந்த எண்ணையும் சேர்த்து எழுதுவது என் வழக்கம்.

இது விளம்பரமே இல்லை, மோசடி மாதிரி இருக்கிறது என்றால் 1909-ஐ விட்டுவிடுங்கள். மின்சாரம் இன்றிரவு துண்டிக்கப்படும், கேஒய்சி முடிந்துவிட்டது என்பது போன்றவை `sancharsaathi.gov.in` தளத்தின் சக்ஷு பக்கத்துக்குப் போக வேண்டியவை. பணம் போய்விட்டதென்றால் உடனே 1930. அதற்கு வடிவம், காற்புள்ளி எல்லாம் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

## படம், லோகோ, பொத்தானோடு வருகிறது

எஸ்எம்எஸ் பெட்டிக்குள்தான் இருக்கிறது, ஆனால் கலர்ப் படமும் நிறுவன லோகோவும் பக்கத்தில் டிக் குறியும் இருக்கின்றன. இது எஸ்எம்எஸ் இல்லை, ஆர்சிஎஸ். இணையம் வழியாக வருவது. வாட்ஸ்அப் விளம்பரமும் இதே ஜாதி. 1909 டிஎன்டி எஸ்எம்எஸ்ஸுக்கும் அழைப்புக்கும்தான், இவற்றைத் தொடாது. 1909-க்குப் புகார் அனுப்பினாலும் அங்கே அப்படி ஒரு மெசேஜ் போன பதிவே இருக்காது.

அந்த உரையாடலைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளியில் தடுத்து, ஸ்பாம் என்று புகாரளியுங்கள். ரொம்பத் தொல்லை என்றால் மெசேஜ் ஆப்பின் அமைப்புகளில் ஆர்சிஎஸ் அரட்டையையே அணைத்துவிடலாம். சாதாரண எஸ்எம்எஸ் வழக்கம்போல் வரும்.

## திரையின் நடுவில் திடீரென்று ஒரு கட்டம் குதிக்கிறது

'இன்றைய ராசிபலன் பார்க்க சரி என்பதை அழுத்தவும்' என்கிற ரகம். இன்பாக்ஸில் தேடினால் இருக்காது. வயதானவர்கள் பயந்துபோய் 'சரி'யை அழுத்திவிட்டு, பிறகு பேலன்ஸ் போய்விட்டது என்று வருவார்கள். இது சிம் கார்டுக்குள் இருக்கும் மெனுவிலிருந்து வருவது. போனில் `SIM Toolkit` அல்லது சிம் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு ஆப் இருக்கும். அதைத் திறந்தால் இந்த அறிவிப்புகளுக்கு `Stop` என்று ஒரு தேர்வு கிடைக்கும். அதை அழுத்திவிட்டால் அநேகமாக நின்றுவிடும். தெரியாமல் ஏதாவது சேவை தொடங்கி, காசு பிடித்திருந்தால் 198-க்குப் போட்டு உடனே நிறுத்தச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

## புகார் கொடுத்தாகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை

புகார் எண் வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அது இல்லையென்றால் புகாரே இல்லை. வடிவத்தையும் சிம்மையும் பார்த்து மறுபடி அனுப்புங்கள், ஏழு நாள் தாண்டியிருக்கக் கூடாது.

எண் வந்து தள்ளுபடியானால் காரணத்தைப் படியுங்கள். 'விவரம் போதாது', 'காலம் கடந்தது' என்றால் அடுத்த மெசேஜ் வரும்போது சரியாகப் போடுங்கள், பழையதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 'தடை அமலில் இல்லை' என்றால் 'எல்லா விதமான விளம்பரமும் முன்பு போலவே வருகிறது' என்கிற தலைப்புக்குத் திரும்பிப் போங்கள். 'வாடிக்கையாளர் சம்மதம் இருக்கிறது', 'சேவைச் செய்தி' என்று வந்தால்தான் மேலே போக வேண்டிய விஷயம்.

வரிசை இப்படி. 198-இல் புகார், அதற்கு ஒரு எண். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். கட்டணம் கிடையாது. அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதுகிறவர்களும் உண்டு. தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, அந்தந்த நிறுவனத்துக்குத்தான் தள்ளிவிடும்.

மேல்முறையீடும் கைவிட்டால், அல்லது இந்தத் தொல்லையால் உங்களுக்குப் பண இழப்போ தொழில் பாதிப்போ ஆகியிருந்தால், அதற்கு மேல் என் கடை மேசையில் தீராது. 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பிக்கலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைபேசி விவகாரத்தில் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இழப்புக் கணக்கை எழுதிக் கேட்கிற அளவுக்குப் போனால் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதே சரி. போகும்போது கையில் இருக்க வேண்டியவை: தடை போட்டதற்கு வந்த பதில், விளம்பர மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் (மேலே பெயரும் தேதியும் தெரிய வேண்டும்), 1909 புகார் எண், 198 புகார் எண், மேல்முறையீட்டு முடிவு. போனை ரீசெட் செய்கிறேன் என்று எல்லா மெசேஜையும் அழித்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு மட்டும் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.